நவம்பர் வருகிறது, போன் வரும்

எல்லோருக்கும் வணக்கம். பென்ஷன் வாங்குபவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அடுத்த மாதம் நவம்பர். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் மாதம். 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். இந்தக் கணக்கு நமக்குத் தெரிகிற மாதிரி திருடனுக்கும் தெரியும்.

போன வாரம் பி பிளாக்கில் ஓர் அம்மாவுக்குப் போன் வந்தது. “மேடம், பென்ஷன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க பி.பி.ஓ. நம்பர் இதுதானே? ரிடையர் ஆன தேதி இதுதானே? சர்டிபிகேட் அப்டேட் ஆகலை, இந்த மாசம் பென்ஷன் நின்னுடும். ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க.” நம்பரும் தேதியும் அட்சரம் பிசகாமல் சரி. நல்லவேளை, மருமகள் பக்கத்தில் இருந்தாள்.

நம் விவரமெல்லாம் எங்கெங்கோ கசிந்து கிடக்கிறது. அதை ஒருவன் ஒப்பிப்பதாலேயே அவன் ஆபீசர் ஆகிவிட மாட்டான். பென்ஷன் அலுவலகம் போனில் கூப்பிட்டு சர்டிபிகேட் புதுப்பிப்பதே கிடையாது. பேங்க்கும் ஓடிபி, பின், கார்டின் பின்பக்க மூன்று இலக்கம் எதையும் கேட்காது. ஜீவன் பிரமாண் செயலியில் நாமே சர்டிபிகேட்டுக்குப் பதியும்போது ஓடிபி வரும், உண்மைதான். அதை நாமேதான் போட வேண்டும், போனில் இருப்பவனிடம் சொல்லக் கூடாது.

பென்ஷன் நின்றுவிடும் என்றால் யாருக்கும் கை நடுங்கும். நடுங்கட்டும். போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் இருக்கும் கிளை நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். அவன் கொடுக்கும் நம்பருக்கு வேண்டாம். கூகுளில் தேடினால் அங்கேயும் போலி நம்பர் உண்டு. வாட்ஸ்அப்பில் ‘கேஒய்சி’ என்று ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். இறக்கி நிறுவினால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை அவன் படிப்பான். நம் போனை அவன் தூரத்திலிருந்தே பார்க்க விடும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொன்னாலும் இதே கதைதான். வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுவான். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், பிறகு பேங்க்குக்கு. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழியிருக்கும். மகன் திட்டுவானே என்று மறுநாள் வரை வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். மகன்களே, மகள்களே, திட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கிளைக்குப் போக முடியாதவர்கள் தபால்காரரிடம் கட்டணம் கட்டி வீட்டிலேயே சான்று எடுக்கலாம். வேண்டுமென்பவர்கள் வாட்ச்மேன் மேஜையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள், நான் தபால் ஆபீசில் பேசுகிறேன். நோட்டில் பெயரும் பிளாட் நம்பரும் போதும். பி.பி.ஓ. நம்பர், ஆதார் எதையும் எழுதாதீர்கள்.