மூன்று விடைத்தாள்: ஓர் அம்மா எழுதிய கடிதத்திலிருந்து எங்கள் டியூஷன் வீடியோவுக்கான ஸ்கிரிப்ட்

இடம்: திருப்பூர், அனுப்பர்பாளையம். மாடி வகுப்பறையும் அம்மாவின் வீடும்.
நீளம்: ஆறு நிமிடத்துக்குள்.
பேசுபவர்: பத்தாம் வகுப்பு முடித்த மாணவனின் அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

படம் எடுப்பவருக்கும் எடிட் செய்பவருக்கும்:

ரிசல்ட் வந்து, பையன் பதினொன்றாவது சேர்ந்த பிறகு இந்த அம்மா கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். நாம் கேட்டு வாங்கியது இல்லை. அவர் பேசும் வரிகள் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருப்பவைதான். வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறேன், நீண்ட வாக்கியங்களை உடைத்திருக்கிறேன். முழு ஸ்கிரிப்டையும் அவரிடம் படித்துக் காட்டியாயிற்று. இரண்டு இடத்தில் "இது நான் சொன்ன மாதிரி இல்லைங்க" என்றார், மாற்றிவிட்டேன். வீடியோவில் பயன்படுத்த எழுத்தில் சம்மதமும் கொடுத்திருக்கிறார்.

பையன் முகம் வேண்டாம் என்றார். ஆகவே அவன் கைகள் மட்டும். மதிப்பெண் சான்றிதழைக் காட்ட வேண்டாம், பெயரும் பதிவெண்ணும் அதில் இருக்கிறது. "நூறு சதவீதத் தேர்ச்சி", "உறுதியான வெற்றி" போன்ற எழுத்துகள் எந்த இடத்திலும் வரக்கூடாது. பயிற்சி மையங்கள் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறையே கொண்டு வந்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் நாம் அப்படிப் போடப் போவதில்லை. அடுத்த வருஷம் எந்தப் பிள்ளை எந்த நிலையில் வந்து உட்காரும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு காலையில் எடுத்துவிடலாம். அவருக்கு அன்றுதான் லீவு. பாத்திரப் பட்டறைச் சத்தமும் குறைவாக இருக்கும். கொஞ்சம் கேட்டாலும் பரவாயில்லை, அது இந்த ஊர்ச் சத்தம். பின்னணி இசை வேண்டாம்.

காட்சி 1: வீட்டு வாசல்

(அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கடிதம். கேமரா அவர் உயரத்துக்கே இருக்கட்டும், மேலிருந்து பார்க்க வேண்டாம்.)

அம்மா: வணக்கங்க. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். காலையில் எட்டரைக்குப் போனால் ஒரு ஷிஃப்ட் முடிய அஞ்சரை ஆகும். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிஃப்ட், வீடு வந்து சேர ஒன்பது மணி. என் பையன் என்ன படிக்கிறான், எந்தப் பாடத்தில் நிற்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. நேரம் கிடைத்தாலும் பத்தாவது கணக்கு எனக்குத் தெரியாது. நான் எட்டாவதோடு நின்றவள்.

(சற்று நிறுத்தம். அவர் கடிதத்தைப் பிரிப்பதைக் காட்டலாம்.)

அம்மா: காலாண்டில் அவன் கணக்கில் எடுத்தது 31. பாஸாக 35 வேண்டும். நாலு மார்க்தானே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆனால் அவன் பேப்பரை என்னிடம் காட்டவே இல்லைங்க. அரிசி டப்பாவுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தான். பேப்பரைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, ஒளித்து வைத்தானே என்றுதான் அழுகை வந்தது.

திரையில் எழுத்து: காலாண்டுத் தேர்வு, கணக்கு: 31

காட்சி 2: மாடிப்படி, வகுப்பறை

(செருப்புகள் வரிசையாகக் கிடக்கும் மாடிப்படி. உள்ளே பாய், கரும்பலகை, ஜன்னல். பிள்ளைகள் முதுகுப் பக்கமிருந்து மட்டும்.)

அம்மா (குரல்): அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் ஒரு வருஷம் சேர்த்திருந்தேன். அங்கே வாரா வாரம் மார்க்கை எல்லார் முன்னாலும் வாசிப்பார்களாம். கடைசியில் இருந்து வாசிப்பார்களாம். போகமாட்டேன் என்று அவன் ஏன் அடம்பிடித்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதனால் இங்கே சேர்க்கும்போது மிஸ்ஸிடம் முதலில் கேட்டது ஃபீஸ் இல்லைங்க, "மார்க்கை வாசிப்பீங்களா?" என்றுதான் கேட்டேன். "இல்லைங்க அக்கா, பேப்பரை அவன் கையில்தான் கொடுப்பேன்" என்றார்.

(கைகள் மட்டும்: ஒரு விடைத்தாள் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைக்கப்படுகிறது. இந்த ஷாட் நிதானமாக ஓடட்டும்.)

காட்சி 3: சண்டை போடப் போன நாள்

(இதுதான் வீடியோவின் உயிர். இங்கே வெட்டி வெட்டி ஒட்ட வேண்டாம். அவர் ஒரே மூச்சில் சொன்னால் அப்படியே விடுங்கள், நடுவில் தடுமாறினாலும் இருக்கட்டும்.)

அம்மா: சேர்ந்து பத்து நாள் இருக்கும். நோட்டை எடுத்துப் பார்த்தால் பூராவும் கூட்டல், கழித்தல். மைனஸ் மூன்றோடு மைனஸ் நாலு, அப்படி. அது ஆறாவது கணக்கு என்று எனக்கே தெரியும். பத்தாவதுக்கு ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஆறாவது நடத்துகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு நேராக மாடி ஏறிவிட்டேன். நாலு பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டேன். இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

மிஸ் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. என் பையனுடைய பழைய விடைத்தாள் மூன்றை எடுத்து என் முன்னால் பரப்பினார். பள்ளிக்கூடத்துப் பேப்பர் இரண்டு, இங்கே வைத்தது ஒன்று. "அக்கா, இந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் பாருங்க" என்றார்.

(மேசையில் மூன்று விடைத்தாள், பெயர் மறைத்து. கேமரா மேலே இருந்து நெருக்கமாக. மிஸ்ஸின் விரல் ஒவ்வொரு வட்டமாக நகர்கிறது. பிறகு சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதுவது, ஒலியோடு.)

திரையில் எழுத்து:
அவன் எழுதியது: 5 − (2x − 3) = 5 − 2x − 3
வர வேண்டியது: 5 − (2x − 3) = 5 − 2x + 3

அம்மா (குரல்): அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே இருப்பது எல்லாம் மாறணுமாம். அவன் முதல் ஆளை மட்டும் மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விட்டுவிடுகிறான். பேப்பர் பூராவும் அதே தப்பு. சாய்வு கண்டுபிடிக்கிற கணக்கிலும் அதே.

(பலகையில் மிஸ்ஸின் கை தொடர்ந்து எழுதுகிறது: புள்ளிகள் (−2, −3), (4, 9). முதலில் அவன் எழுதியபடி (9 − 3)/(4 − 2) = 3. அதை அடித்துவிட்டு, கீழே (9 − (−3))/(4 − (−2)) = 12/6 = 2.)

அம்மா (குரல்): சூத்திரம் சரியாக எழுதியிருக்கிறான், எண்ணைச் சரியாகப் போட்டிருக்கிறான், மைனஸில் விழுந்துவிடுகிறான். "இவனுக்குப் பத்தாவது கணக்குத் தெரியுதுங்க அக்கா. ஆறாவதில் ஒரு படி உடைஞ்சிருக்கு, அதைக் கட்டிட்டு மேலே போறேன், ரெண்டு வாரம் குடுங்க" என்றார்.

(வீட்டு வாசலுக்குத் திரும்பவும்.)

அம்மா: அப்புறம் என்ன பேசுவது? நான் செக்கிங்கில் செய்வதும் அதுதானே. நூறு பீஸில் ஒரே இடத்தில் தையல் விட்டிருந்தால் நூறு தப்பு என்று சொல்லமாட்டோம். எந்த மெஷினில் இருந்து வருகிறது என்றுதான் போய்ப் பார்ப்போம்.

(இந்த வரிக்குப் பிறகு மூன்று விநாடி அமைதி.)

காட்சி 4: கடை நோட்டு

(மளிகைக் கடை கணக்கு நோட்டு, பழுப்பு அட்டை. பையன் கை பேனாவோடு.)

அம்மா (குரல்): மைனஸை அவனுக்கு எங்கள் மளிகைக் கடை நோட்டை வைத்தே புரிய வைத்தார். கடையில் 300 ரூபாய் கடன். அதில் 50 ரூபாய் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் என்ன செய்வார்? கடனில் 50 அடிப்பார். கடனைக் கழித்தால் நமக்கு லாபம். அன்றைக்கு ராத்திரி அவன் எனக்கே அதைச் சொல்லிக் கொடுத்தான்.

திரையில் எழுத்து: −300 − (−50) = −250

காட்சி 5: காம்பஸ்

(பையனின் கைகள், ஜியாமெட்ரி பாக்ஸ், துரு ஏறிய காம்பஸ். வில் வரைவது முழுதாக வரட்டும், வேகப்படுத்த வேண்டாம்.)

அம்மா (குரல்): இன்னொன்று சொல்லியே ஆகணும். வடிவியல் வரைவதற்கு எட்டு மார்க், வரைபடத்துக்கு எட்டு மார்க். சேர்த்துப் பதினாறு. இவன் வரைகிற வட்டம் மட்டும் எப்போதும் சேராது. தொடங்கிய இடம் ஒன்று, முடிகிற இடம் ஒன்று. கை நடுங்குகிறது என்று நினைத்தேன். மிஸ் காம்பஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருகாணி தேய்ந்துபோய்க் கால் தானாக விரிகிறது. நூலைச் சுற்றி இறுக்கிக் கொடுத்து, "பரீட்சைக்கு முன்னால் புதுசு வாங்கிடு கண்ணு" என்றார். முப்பது ரூபாயோ நாற்பது ரூபாயோ. ஒரு வருஷமாக யாருமே அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

(வட்டம் தொடங்கிய புள்ளியில் வந்து சேரும் நெருக்கமான ஷாட்.)

காட்சி 6: ராத்திரி, வாசல் விளக்கு

(இருட்டிய பிறகு மாடிப்படி. ஸ்கூட்டி வெளிச்சம் தெருவில் திரும்புகிறது. இதை மட்டும் சனிக்கிழமை சாயங்காலமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

அம்மா (குரல்): வகுப்பு ஏழரைக்கு முடியும். ஒன்றரை ஷிஃப்ட் நாளில் நான் வர எட்டே முக்கால் ஆகிவிடும். ஒரு நாள்கூட அவன் தெருவில் நின்றதில்லை. விளக்கு எரியும், மிஸ் அடுத்த நாள் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார், இவன் ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருப்பான். அதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

காட்சி 7: மறுபடியும் திண்ணை

அம்மா: அரையாண்டில் 47. பொதுத்தேர்வில் 72. முதல் மார்க் இல்லைங்க, பேனர் வைக்கிற மார்க்கும் இல்லை. தமிழிலும் சமூக அறிவியலிலும் அவன் முன்னாடியே நன்றாகத்தான் எடுப்பான், அதில் டியூஷனுக்குப் பங்கு இல்லை. அறிவியலும் இங்கேதான் படித்தான், அதில் பெரிதாக ஏறவில்லை, அதையும் எழுதியிருக்கிறேன். கணக்கில் மட்டும் 31 இருந்த இடத்தில் 72.

(இந்த இடத்தை வெட்டலாமா என்று நம்மிடம் ஒருவர் கேட்டார். வெட்டக் கூடாது. அவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல்லட்டும்.)

அம்மா: இப்போது பதினொன்றாவது, காமர்ஸ் எடுத்திருக்கிறான். போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு டெஸ்ட். 20க்கு 9. பையைத் திறந்து பேப்பரை எடுத்து நேராக என் கையில் கொடுத்தான். "அம்மா, இதில் எங்கே விட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

(அவர் கடிதத்தை மடிக்கிறார். முகத்தில் வருவது வரட்டும், "சிரிங்க" என்று யாரும் சொல்ல வேண்டாம்.)

முடிவு அட்டை

(வெள்ளைப் பின்னணி, கருப்பு எழுத்து, எட்டு விநாடி.)

6 முதல் 10ஆம் வகுப்பு வரை. கணக்கு, அறிவியல்.
திங்கள் முதல் சனி வரை, மாலை 5.30 முதல் 7.30.
சேர்க்க வரும்போது பிள்ளையின் பழைய கணக்கு விடைத்தாள் மூன்று எடுத்து வாருங்கள். மார்க் எவ்வளவு இருந்தாலும் சரி.