சர்வீஸ் புத்தகத்தின் ஆறு படங்களுக்கான மொழிபெயர்ப்பு

ஐயா, வணக்கம்.

தாங்கள் வாங்க எண்ணியுள்ள காரின் ஜப்பானியப் பராமரிப்புப் பதிவேட்டை முழுமையாகப் படித்துவிட்டேன். முதல் படத்திலுள்ள “28.9.14” என்பதைத் தாங்கள் 2014 செப்டம்பர் 28 எனக் கொண்டிருந்தீர்கள், அது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலத்தைக் கொண்டு எண்ணும் ஹெய்செய் ஆண்டுக்கணக்கில் 28ஆம் ஆண்டின் 9ஆம் மாதம் 14ஆம் நாள், அதாவது 2016 செப்டம்பர் 14. ஆகவே வண்டி தாங்கள் நினைத்ததைவிட இரண்டு ஆண்டுகள் புதியது. 2019 மே 1 முதல் அடுத்த பேரரசரின் ரெய்வா ஆண்டுக்கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குவதால், பின்வரும் பக்கங்களில் ஆண்டு எண்கள் சிறுத்திருக்கின்றன.

படம் 1: முதல் பதிவு, 2016 செப்டம்பர் 14.

படம் 2: 2017 செப்டம்பர் 9. பன்னிரண்டு மாதச் சோதனை. 7,214 கி.மீ. எஞ்சின் ஆயில் மாற்றம்.

படம் 3: 2018 செப்டம்பர் 1. பன்னிரண்டு மாதச் சோதனை. 14,480 கி.மீ. ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றம்.

படம் 4: 2019 செப்டம்பர் 7. இருபத்துநான்கு மாதச் சோதனை. 22,036 கி.மீ. பிரேக் ஆயிலுக்கும் வைப்பர் ரப்பருக்கும் எதிரே × குறி.

இந்தக் குறியைப் பழுது என்று தாங்கள் அஞ்சியது இயல்பே. ஆனால் பக்கத்தின் அடியிலுள்ள குறிவிளக்கத்தின்படி × என்றால் “மாற்றப்பட்டது”. சரிக்குறி “சோதித்தோம், நன்று”. முக்கோணம் “பழுது நீக்கப்பட்டது”. சாய்கோடு “இவ்வண்டிக்குப் பொருந்தாது”. பழுது நீக்கியதைக் காட்டும் முக்கோணம் ஆறு படங்களில் எங்கும் இல்லை.

படம் 5: 2021 செப்டம்பர் 4. இருபத்துநான்கு மாதச் சோதனை. முன் பிரேக் பேடின் மீதத் தடிமன் 4.5 மி.மீ. கி.மீ. எண்ணின் இரண்டாம் இலக்கம் ஃபிளாஷ் வெளிச்சத்தில் மறைந்துள்ளது. 3, பிறகு தெரியாத இலக்கம், பிறகு 910. ஊகித்து நிரப்ப நான் விரும்பவில்லை.

படம் 6: 2023 ஆகஸ்ட் 26. இருபத்துநான்கு மாதச் சோதனை. 51,340 கி.மீ. முன் பிரேக் பேடுகளுக்கு × குறி.

சிவப்பு முத்திரைகளில் சதுரமானது பணிமனையுடையது, சிறிய வட்டம் சோதித்த மெக்கானிக்கின் குடும்பப் பெயர். ஐந்து சோதனைகளிலும் சதுர முத்திரை ஒன்றே. ஆறாம் படத்தில் மட்டும் வட்ட முத்திரையின் பெயர் மாறியுள்ளது, அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. 2020, 2022 ஆண்டுகளுக்கான பக்கங்கள் வெறுமையாக உள்ளன.

என்னை உண்மையில் நிறுத்தியது வேறொன்று. தாங்கள் தனியே அனுப்பிய டாஷ்போர்டு படத்தில் மீட்டர் 47,902 காட்டுகிறது. ஆறாம் படத்திலுள்ள 51,340இன் முதல் இலக்கம் ஐயத்துக்கு இடமின்றி 5 தான், மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். மீட்டர் மாற்றத்தை எழுதுவதற்கான கட்டம் காலியாக இருப்பதால், இந்த 3,438 கி.மீ. வேறுபாட்டுக்குப் புத்தகத்தில் விளக்கம் இல்லை. விற்பவரிடம் இதை எழுத்தில் கேட்டு, ஜப்பானில் வண்டி ஏலம் போனபோது அதன் நிலையைப் பதிந்த ஏலத்தாளின் படத்தையும் பெற்ற பின்னரே முன்பணம் செலுத்துமாறு மிகவும் வேண்டுகிறேன்.

ஐந்தாம் பக்கத்தை ஃபிளாஷ் இன்றி, சன்னலோர வெளிச்சத்தில் மீண்டும் எடுத்து அனுப்பச் சொன்னால், விடுபட்ட இலக்கத்தையும் நிரப்பித் தருகிறேன்.