மலையகத்துக்குப் புதிய ஃபைபர் திட்டம்: மாதம் 3,490 ரூபாய்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை வாடிக்கையாளர்களே! வரிகள் உட்பட இதுதான் முழுக் கட்டணம்.

பதிவிறக்க வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் வரை, பதிவேற்றம் 50 வரை. இது ரவுட்டருடன் கேபிளில் இணைத்துப் பார்க்கும்போது கிடைப்பது. வைஃபையில், அதுவும் கருங்கல் சுவர் கொண்ட பழைய லயன் வீடுகளில், வேகம் குறையும். ரவுட்டரை எங்கே வைப்பது என்பதை இணைப்புத் தர வரும் ஊழியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மாதம் 400 ஜிபி முழு வேகத்தில். இரவு டேட்டா, பகல் டேட்டா என்ற பிரிவு இல்லை. தெளிவான வீடியோ மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி எடுக்கும். தினமும் நான்கு மணி நேரம் பார்த்தாலும் போதும்.

நியாயமான பாவனை விதி: 400 ஜிபி முடிந்தால் இணைப்பு நிற்காது, மேலதிகக் கட்டணமும் இல்லை. ஆனால் மாத இறுதிவரை வேகம் 5 மெகாபிட்டாகக் குறையும். பிள்ளையின் ஸூம் வகுப்பு நடக்கும். அதே நேரம் இன்னொருவர் படம் பார்ப்பது கடினம். 80 சதவீதம் முடிந்ததும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவோம். மீதி டேட்டா அடுத்த மாதத்துக்குச் சேராது.

ஒப்பந்தக் காலம் 12 மாதங்கள். உங்கள் வீதிக்குக் கேபிள் வந்துவிட்டதா என்று அறிய, முகவரியை உள்பெட்டியில் அனுப்புங்கள்.