லாஞ்சுக்கு முன்: கணக்கு மீட்பு சரிபார்ப்பு, இந்த வெள்ளி மாலைக்குள்

எல்லோருக்கும் வணக்கம்,

அடுத்த வாரம் வியாழன் காலை 10 மணிக்கு நம் ஆப் வெளிவருகிறது. வீடியோ, போஸ்டர் எல்லாம் கிட்டத்தட்ட தயார். இந்த வாரம் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நம் ஐந்து சோஷியல் கணக்குகளில் எது பூட்டிக்கொண்டாலும், ராத்திரி 2 மணியானாலும், நம்மில் இரண்டு பேராவது அதைத் திறக்க முடிய வேண்டும். பாஸ்வேர்டு தெரிந்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் லாஞ்ச் அன்று காலை புது லேப்டாப்பில் லாகின் செய்தோம். பாஸ்வேர்டு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஓடிபி போனது, நான்கு மாதம் முன்பே வேலையை விட்டுப் போனவரின் நம்பருக்கு. அவரைத் தேடிப் பிடித்தால், அந்த சிம்மையே விட்டுவிட்டேன் என்றார். கணக்கு கைக்கு வர இரண்டு நாள் ஆனது. அது இங்கே நடக்கக் கூடாது.

மெயில் (முகிலன்). இதை முதலில் முடியுங்கள். இன்ஸ்டாகிராம், எக்ஸ் இரண்டின் ரீசெட் லிங்க்கும் இந்த ஒரு ஜிமெயிலுக்குத்தான் வருகிறது.
☐ மீட்பு நம்பர் அலுவலக சிம்மாக இருக்கிறதா? ரீசார்ஜ் முடியும் தேதி லாஞ்சைத் தாண்டி இருக்கிறதா?
☐ மீட்பு மெயில் எது? அந்த மெயிலின் மீட்பு முகவரி திரும்ப இதே ஜிமெயிலாக இருந்தால் இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மாற்றிவிடுங்கள்.
☐ பேக்கப் கோடுகள். கூகுள் ஒரு தொகுப்பில் 10 தரும், ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். புதுத் தொகுப்பு எடுத்த நொடியே பழையது செல்லாது. டிராயரில் இருக்கும் பிரிண்ட் எப்போது எடுத்தது என்று யாருக்கும் நினைவில்லை, அதனால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்.

யூட்யூப் (நித்யா). இதை இன்றே செய்யுங்கள், தள்ளாதீர்கள். நம்முடையது பிராண்ட் அக்கவுண்ட். முதன்மை ஓனர் என்னைத் தவிர யாரும் இல்லை. புதிதாகச் சேர்க்கும் ஒருவரை முதன்மை ஓனராக மாற்ற 7 நாள் காத்திருக்க வேண்டும். இன்று திங்கள், கணக்கு போட்டுப் பாருங்கள். உங்களை ஓனராகச் சேர்க்கும் அழைப்பை இப்போது அனுப்புகிறேன், மதியத்துக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்புக், லிங்க்டுஇன் (கவிதா). இந்தப் பக்கங்களுக்குத் தனி பாஸ்வேர்டு கிடையாது, நம் சொந்தக் கணக்கு வழியாகத்தான் நுழைகிறோம். உங்கள் கணக்கு முடங்கினால் பக்கமும் கைவிட்டுப் போகும். இரண்டிலும் முழு அதிகாரம் உள்ளவர்கள் இருவராவது வேண்டும், அந்த இருவரின் சொந்தக் கணக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பு இருக்க வேண்டும். போன வருடம் நமக்கு வேலை செய்த ஏஜென்சி ஆட்கள் இன்னும் அட்மினாக இருந்தால் நீக்குங்கள்.

இன்ஸ்டாகிராம், எக்ஸ் (அருண்). எக்ஸில் 2023 மார்ச்சிலிருந்து எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பு கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டும்தான், நமக்குச் சந்தா இல்லை. இரண்டிலும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை வையுங்கள். க்யூஆர் திரையில் இருக்கும்போதே உங்கள் போனிலும் அலுவலக போனிலும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், ஒரு போன் தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும்.

அப்புறம், செட்டிங்ஸைப் பார்த்து டிக் போட்டால் மட்டும் நான் ஏற்கமாட்டேன். இன்காக்னிட்டோ விண்டோவில் "Forgot password?" அழுத்துங்கள். நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தையோ மெயிலின் முதல் எழுத்தையோ காட்டும். அது யாருடையது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? அதோடு விட்டுவிட்டு வெளியே வாருங்கள். பிறகு ஒவ்வொரு கணக்கிலும் பேக்கப் கோடு ஒன்றைச் செலவழித்து உண்மையாகவே லாகின் செய்து பாருங்கள். வேலை செய்யாத கோடு இப்போதே தெரியட்டும்.

கோடுகள் நம் பாஸ்வேர்டு மேனேஜரில், கூடவே ஒரு பிரிண்ட் லாக்கரில். இந்த குரூப்பில் கோடோ ஸ்கிரீன்ஷாட்டோ போடவே வேண்டாம்.

வெள்ளி மாலை 6 மணிக்குப் பிறகு லாஞ்ச் முடியும்வரை பாஸ்வேர்டு, நம்பர், மெயில் எதையும் மாற்றாதீர்கள். கடைசி நேர மாற்றத்தைச் சந்தேகப்பட்டு அந்தத் தளமே நம்மைப் பூட்டிவிடலாம். யூட்யூப் முதன்மை ஓனர் மாற்றம் மட்டும் விதிவிலக்கு, அதை அடுத்த வாரம் செவ்வாய் நானும் நித்யாவும் சேர்ந்து செய்கிறோம்.

இந்த நாட்களில் "காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்" என்று மெசேஜ் வந்தால் லிங்க்கைத் தொடாமல் எனக்கு போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் சரி. இன்ஸ்டாகிராம் மெயில் என்றால் செட்டிங்ஸில் இன்ஸ்டாகிராம் அண்மையில் அனுப்பிய மெயில்களைக் காட்டும் "Recent emails" பகுதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை நம்பாதீர்கள்.

முடித்தவர்கள் "முடிந்தது" என்று மட்டும் போடாமல், எந்தக் கணக்கு, என்றைக்குச் சோதித்தீர்கள், திறக்கக்கூடிய இரண்டு பேர் யார் என்று எழுதுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் வெள்ளி வரை காத்திருக்காமல் இன்றே சொல்லுங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

செல்வி