குச்சி

விடிந்தும் விடியாமலும் கணபதிப்பிள்ளை குளக்கட்டுக்குப் போனார். பேரனும் பின்னால் ஓடிவந்தான். முந்தின நாள் அந்தியில் தண்ணீர் விளிம்பில் குத்திவிட்டுப் போன குச்சி இப்போது சேற்றில் நின்றது. தண்ணீர் ஒரு சாண் உள்ளே போயிருந்தது.

"அப்பப்பா, தண்ணி காணுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசடி அளவுகம்பைப் பார்த்தார். துருசு வாசலுக்கு மேலே 26 அங்குலம். வயலில் கதிர் பறிந்து பால் பிடிக்கிற நேரம், இன்னும் மூன்று முறை தண்ணீர் வேண்டும். ஒரு முறைக்கு 6 அங்குலம் போகும். ஆனால் குளம் சோற்றுத் தட்டு மாதிரி, கீழே போகப் போக ஒடுங்கும். அடுத்ததற்கு 7, கடைசிக்கு 8. ஆக 21. ஆடிக் கச்சான் காற்றும் வெயிலும் நாலு நாளைக்கு ஓர் அங்குலம் குடிக்கும், மூன்று கிழமைக்கு 5. மொத்தம் 26. நெல்லுக்குச் சரி.

ஐப்பசி மழைக்கு அதற்குப் பிறகும் அறுபது நாள் இருக்கிறதே! துருசுக்குக் கீழே கிடங்கில் நிற்பது இரண்டு அடிதான். அதில் 15 அங்குலத்தை வெயிலே எடுத்துவிடும். மிச்சச் சேற்றில்தான் ஊர் மாடுகள் வாய் வைக்க வேண்டும். கட்டுக்குக் கீழே இருக்கிற கிணறுகளும் குளத்தைப் பார்த்துத்தான் ஊறும். பெரிய கந்தளாய்க் குளத்தை நம்பியிருக்கிற தம்பலகாமத்துக்காரருக்கு இந்தக் கணக்கு வேறு. இங்கே இந்தக் கிண்ணம் மட்டும்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கட்டின் மறுபக்கம் இறங்கிப் பார்த்தார். பூட்டிய துருசுக்குள்ளிருந்து விரல் தடிப்பில் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் புல் மட்டும் நல்ல பச்சை. எத்தனை இரவாக ஓடுகிறதோ! அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஓடிப்போய் சாக்கு ஒண்டு எடுத்துக்கொண்டு வா, மோனே."

குளத்துப் பக்கம் மார்பளவு தண்ணீரில் இறங்கி, களிமண்ணைப் பிசைந்து சாக்கில் சுற்றி, கதவிடுக்கில் காலால் மிதித்து அடைத்தார். பேரன் மறுபக்கம் நின்று கத்தினான்: "குறையுது... குறையுது... நிண்டிட்டு!"

ஈரத் துணியோடே, வயல்களுக்குத் தண்ணீர் முறை விடுகிற வட்டவிதானை வீட்டுக்குப் போனார்.

"தம்பி, கடைசி முறையை அரைவாசியா விடுவம். நாலு அங்குலம் மிஞ்சினா மாட்டுக்குப் பதினாறு நாள்."

வட்டவிதானை அவரைப் பார்த்தார். "அரைவாசி விட்டா கடைசி வயலுக்கு எட்டாதே, அண்ணை. அது உங்கட வயல்."

"தெரியும். முதல் ரெண்டு முறையும் எனக்கு வடிவா விடு. நான் வரம்பை உயர்த்திக் கட்டித் தேக்கி வைக்கிறன்."

அந்தியில் மறுபடி குளத்துக்குப் போனார். பேரன் முந்திக்கொண்டு குச்சியைப் பிடுங்கித் தண்ணீர் விளிம்பில் குத்தினான். அவர் அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டார்.