பெரியாறும் வைகையும்: எட்டாம் வகுப்பு மாலை வகுப்புக்கான பயிற்சிக் கேள்விகள், விடைகள், அவை இருக்கும் இடங்கள்

பிள்ளைகளா, போன வாரம் கொடுத்த எட்டுப் பத்திப் பாடத்திலிருந்து பதினோரு கேள்விகள் இதில் இருக்கின்றன, மொத்தம் 25 மதிப்பெண். பாடத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம், ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு விடைக்கும் கீழே அது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண்தான். நம்ம மேலூர்ப் பக்கத்தில் பெரியாற்றுத் தண்ணீர் வரும் கால்வாயைப் பார்க்காத பிள்ளை கிடையாது, அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதாதீர்கள், பாடம் சொல்வதை எழுதுங்கள்.

முதல் படி (ஒவ்வொன்றும் 1 மதிப்பெண்)

ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். விரல் வைத்துக் காட்டினால் போதும்.

1. பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை 1789இல் யாரிடமிருந்து வந்தது?
2. முல்லைப் பெரியாறு அணைக்கான குத்தகை ஒப்பந்தம் எந்த ஆண்டு கையெழுத்தானது, எத்தனை ஆண்டுகளுக்கு?
3. அணை கட்டும் வேலைக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் யார்?
4. வைகை அணை எந்த ஆண்டு திறக்கப்பட்டது?
5. கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடத்துக்குப் பெயர் என்ன?

இரண்டாம் படி (ஒவ்வொன்றும் 3 மதிப்பெண்)

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வரி போதாது. வேறு வரியையோ பத்தியையோ சேர்த்துப் படிக்க வேண்டும், சில இடங்களில் கணக்கும் போட வேண்டும்.

6. தண்ணீர் வரும் வரிசையில் எழுதுங்கள்: பேரணை, சுரங்கம், வைகை அணை, தேக்கடி, சுருளியாறு.
7. ஒப்பந்தப்படி ஓர் ஆண்டுக் குத்தகைத் தொகை எவ்வளவு? ஒப்பந்தக் காலம் எந்த ஆண்டு முடியும்?
8. "அணையில் 142 அடி தண்ணீர் நிற்கிறது, அப்படியென்றால் அணையின் உயரம் 142 அடி" என்று ஒருவர் சொல்கிறார். எங்கே தவறு செய்கிறார்?
9. மேலூர், திருமங்கலம் இரண்டையும் சேர்த்து ஒருபோகப் பாசனப் பரப்பு எத்தனை ஏக்கர்? இருபோகப் பரப்பைவிட எவ்வளவு கூடுதல்?

மூன்றாம் படி (ஒவ்வொன்றும் 4 மதிப்பெண்)

இங்கே விடை எந்த வரியிலும் அப்படியே இருக்காது. ஆனால் விடைக்கு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பாடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

10. கள்ளந்திரிக்கு மேலே இரண்டு போகம், அதற்குக் கீழே நமக்கு ஒரு போகம். இதற்குப் பாடம் தரும் காரணத்தை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள்.
11. பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று பாடம் சொல்கிறதா? எப்படித் தீர்மானித்தீர்கள்?

விடைகள்

எழுதி முடித்த பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும். முன்பு ஒரு தடவை இடம் குறிக்காமல் விடை மட்டும் கொடுத்தேன். ஒரு பிள்ளை பாடத்தாளோடு வந்து, நான் எழுதிய விடை பாடத்தில் எங்கேயும் இல்லை என்று காட்டினாள். அவள் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து இடம் காட்டாமல் நான் விடை எழுதுவதில்லை.

1. ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்துஇருளப்ப பிள்ளை. பத்தி 2, முதல் வரி.

2. 1886, 999 ஆண்டுகள். பத்தி 3, "திருவிதாங்கூர் மன்னருக்கும்" என்று தொடங்கும் வரி.

3. ஜான் பென்னிகுவிக். பத்தி 4, முதல் வரி. 1895 என்ற ஆண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் தப்பில்லை, ஆனால் கேட்கவில்லை.

4. 1959. பத்தி 6, முதல் வரி. 1895 என்று எழுதியவர்கள் பெரியாற்று அணையையும் வைகை அணையையும் குழப்பிக்கொண்டீர்கள், இரண்டு அணைக்கும் இடையில் 64 ஆண்டுகள்.

5. கலுங்கு. பத்தி 8, இரண்டாம் வரி. மடை என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. மடை வயலுக்குத் தண்ணீர் விடும் வழி, அடுத்த வரியே அதைச் சொல்கிறது.

6. தேக்கடி, சுரங்கம், சுருளியாறு, வைகை அணை, பேரணை. முதல் மூன்றும் பத்தி 5இல் "மலையைக் குடைந்த சுரங்கம்" என்ற வரியிலிருந்து, மற்ற இரண்டும் பத்தி 6இன் கடைசி வரியில். பேரணையை வைகை அணைக்கு முன்னால் போட்டவர்கள் பத்தி 6ஐப் படிக்காமலே எழுதியிருக்கிறீர்கள். ஓர் இடம் மாறினால் 1 மதிப்பெண் குறையும்.

7. பத்தி 3 இரண்டு எண்களைத் தருகிறது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். பெருக்கினால் 40,000 ரூபாய். 1886உடன் 999ஐக் கூட்டினால் 2885. தொகைக்கு 2, ஆண்டுக்கு 1. பெருக்கியதைக் காட்டாமல் 40,000 என்று மட்டும் எழுதினால் 1 குறைப்பேன், ஏனென்றால் பாடத்தில் 40,000 என்ற எண்ணே இல்லை, வெளியிலிருந்து தெரிந்து எழுதினீர்களா என்று எனக்குத் தெரியாது.

8. அவர் நீர்மட்டத்தையும் அணையின் உயரத்தையும் ஒன்றாக்கிவிட்டார். அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி என்று பத்தி 4, மூன்றாம் வரி. 142 அடி என்பது 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம், பத்தி 4, கடைசி வரி. இரண்டு வரிகளையும் காட்டினால் 3, ஒன்றை மட்டும் காட்டினால் 1.

9. பத்தி 7இல் மேலூர் 85,563, திருமங்கலம் 19,439. கூட்டினால் 1,05,002 ஏக்கர். அதே பத்தியின் முதல் வரியில் இருபோகப் பரப்பு 45,041. கழித்தால் 59,961 ஏக்கர் கூடுதல். கூட்டலுக்கு 2, கழித்தலுக்கு 1.

10. பத்தி 7இன் நடு வரிகளைப் பாருங்கள். "கள்ளந்திரி வரை முதலில் திறப்பார்கள்" என்கிறது ஒரு வரி, "அணைகளில் இருப்பு போதுமானால் அதற்குக் கீழே" என்கிறது அடுத்தது. இந்த இரண்டையும் இணைத்து, முதல் உரிமை தலைமடைக்கு, மிச்ச இருப்பைப் பொறுத்துக் கடைமடைக்கு என்று சொன்னால் 4. கடைமடை என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. சென்ற ஆண்டு இதே பாடத்துக்கு ஒரு பையன் அவன் அப்பத்தா வயலில் தண்ணீர் வராமல் நாற்று காய்ந்ததை எழுதியிருந்தான். அது உண்மைதான், படித்து எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பத்தி 7ஐத் தொடாததால் 1 மட்டுமே போட்டேன். அனுபவம் எழுதினால் அதோடு பாடத்தின் வரியையும் சேருங்கள், முழு மதிப்பெண்.

11. இல்லை, பாடம் சொல்லவில்லை. பென்னிகுவிக் வரும் இடம் பத்தி 4 மட்டும்தான், அது அவர் வேலைக்குத் தலைமை தாங்கியதையும் 1895இல் அணை திறக்கப்பட்டதையும் சொல்கிறது, பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சொல்லவில்லை" என்பதற்கு 2, பத்தி 4ஐ முழுவதும் பார்த்தேன் என்று எழுதியதற்கு 2. தேனிப் பக்கம் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள், லோயர் கேம்ப்பில் மணிமண்டபமே இருக்கிறது. சொத்தை விற்ற கதையை மேடையிலும் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள், கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. கேள்வி பாடத்தைப் பற்றியது. பாடம் சொல்லாததைச் சொன்னதாக எழுதினால், அவர் மேல் எவ்வளவு மரியாதை வைத்து எழுதியிருந்தாலும் 0.