நாலு கைப்பிடி கொட்டை

பென்னாகரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஒகேனக்கல் போகிற பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகும். ரோட்டோரம் பெரிய பெரிய புளியமரங்கள். மாசி, பங்குனி வந்துவிட்டால் ஊரில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் புளிதான்.

கயல் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, புளி தட்டுவதில் கெட்டிக்காரி. முதலில் ஓட்டை உடைப்பாள். அப்புறம் நாரை உருவுவாள். பிறகு சின்னச் சுத்தியால் 'டொக் டொக்' என்று தட்டுவாள். கொட்டை வெளியே துள்ளி விழும். கொட்டை எடுத்த புளியை உருண்டை உருண்டையாகப் பிடித்து வைப்பாள்.

சனிக்கிழமை புளிக்கார மாமா குட்டியானை வண்டியில் வருவார். எடை போட்டு, ஒரு கிலோவுக்கு 12 ரூபாய் கூலி கொடுப்பார்.

"ஆயா, நானும் எடுக்கட்டுமா? எனக்கு கலர் பென்சில் வாங்கணும். கடையில 30 ரூபா."

"எடு கண்ணு. ஆனா சுத்திய மட்டும் தொடாத. நான் தட்டிக் குடுக்கறேன், நீ கையால கொட்டைய எடு. நீ எடுத்த புளிக்கு வர்ற காசு உனக்கே."

கயல் கணக்குப் போட்டாள். 12-ம் 12-ம் 24. இன்னும் ஒரு 6. அப்படியென்றால் இரண்டரைக் கிலோ எடுக்க வேண்டும்.

திங்கள், செவ்வாய் ஜாலியாக இருந்தது. புதன்கிழமை விரல் எல்லாம் பிசுபிசு. வியாழக்கிழமை நகக்கண் எரிந்தது. பசங்க வெளியே கில்லி விளையாடும் சத்தம் வேறு கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கயல் தன் கூடையைப் பார்த்தாள். 'இரண்டரைக் கிலோ இருக்காது போலிருக்கே.'

ஆயா உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புளியங்கொட்டை குவியலாகக் கிடந்தது. பளபளவென்று, கனமாக.

கயல் ஒரு கைப்பிடி அள்ளினாள். ஓர் உருண்டையைப் பிரித்து, உள்ளே வைத்து, மூடினாள். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு கைப்பிடி. இன்னொன்று. மொத்தம் நாலு கைப்பிடி.

"கயலு, களி ஆறுது. வா!"

கயலுக்குக் கீரைக் குழம்பும் களியும் என்றால் உயிர். அன்றைக்கு மட்டும் ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் குட்டியானை வந்தது. மாமா ஆயாவின் புளியை எடை போட்டார். பிறகு கயலின் கூடை. டிஜிட்டல் தராசில் சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது: 2.500.

"அட, சரியா ரெண்டரைக் கிலோ! பாப்பா கெட்டிக்காரிதான்." மூன்று பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து அவள் கையில் வைத்தார். இரண்டு பேர் புளியையும் ஒரே கோணிச் சாக்கில் கொட்டினார். கயலின் உருண்டைகள் மேலே கிடந்தன.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "எங்க புளிய மட்டும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தீங்க. இங்க பாக்கலியே?"

மாமா சிரித்தார். "இந்த ஆயா கை பட்ட புளியில ஒரு கொட்டை இருக்காது. இத்தனை வருசமா வாங்கறேன், ஒரு நாளும் பிரிச்சுப் பாத்ததில்ல."

ஆயாவின் முகம் மலர்ந்தது.

கயலுக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. கையில் இருந்த 30 ரூபாய் வியர்வையில் நனைந்தது.

மாமா கோணி ஊசியில் சணலைக் கோத்தார். சாக்கின் வாயைத் தைக்க ஆரம்பித்தார். ஒரு தையல். இரண்டு தையல். சொன்னால் ஆயா திட்டுவாளோ? மூன்று. பக்கத்து வீட்டு அக்கா வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாலு. இன்னும் இரண்டே தையல்தான், அப்புறம் யாருக்குமே தெரியாது. ஐந்து.

"மாமா, தைக்காதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"என் புளியில கொட்டை இருக்கு. நான்தான் வெச்சேன். ஆயாவுக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமா சணலை உருவினார். மேலே கிடந்த உருண்டைகளை எடுத்துக் கூடையில் போட்டு, கயல் முன்னால் வைத்தார். கயல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கலாம் என்றால் கை முழுக்கப் புளி. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஆனால் கொட்டை எடுக்க மட்டும் உதவவில்லை. "நீயே எடு கண்ணு" என்றாள்.

மறுபடி எடை. 2.250.

"27 ரூபா பாப்பா."

கயல் மூன்று தாள்களையும் நீட்டினாள். மாமா இரண்டு பத்து ரூபாய்த் தாளும், ஏழு ரூபாய்ச் சில்லறையும் கொடுத்தார்.

வண்டி போன பிறகு கயல் மெதுவாகக் கேட்டாள். "ஆயா, என்மேல கோவமா?"

"கொட்டைய வெச்சதுக்குக் கோவந்தான்" என்றாள் ஆயா. "சாக்கு தைக்கறதுக்குள்ள சொன்ன பாரு, அதுக்குக் கோவம் இல்ல. சரி வா, நேத்து நீ சாப்பிடவே இல்ல."

அடுத்த வாரமும் கயல் புளி எடுத்தாள். கொஞ்சம்தான், கால் கிலோ. சனிக்கிழமை மாமா வந்தார். ஆயாவின் புளியைப் பார்க்காமல் சாக்கில் கொட்டினார். கயலின் உருண்டையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். கொட்டை இல்லை. இன்னொன்றையும் பிரித்தார். அதிலும் இல்லை.

மூன்றாவது உருண்டையைக் கயலே பிரித்துக் காட்டினாள்.

*

படித்த பிறகு பேசலாம்

(ஆசிரியர், பெற்றோர் கவனத்துக்கு: வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். எல்லாக் கேள்வியையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். "நீ இப்படிச் செய்தாயா?" என்று எந்தக் குழந்தையையும் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தானாகச் சொல்ல வருகிற குழந்தையைப் பாதியில் நிறுத்தாமல் கேளுங்கள்.)

1. கயல் எதற்காகக் காசு சேர்த்தாள்? கலர் பென்சில் வாங்க ஆசைப்பட்டது தப்பா?

2. வெள்ளிக்கிழமை ராத்திரி கயலால் ஏன் சாப்பிட முடியவில்லை? உங்களுக்கு எப்போதாவது அப்படி வயிற்றுக்குள் என்னவோ செய்திருக்கிறதா?

3. மாமா எந்த வார்த்தை சொன்னபோது கயலுக்குச் சங்கடமானது? அந்த வரியைக் கதையில் தேடி, சத்தமாகப் படியுங்கள்.

4. சாக்கைத் தைத்து முடித்திருந்தால் கொட்டை இருந்த புளி எங்கெங்கே போயிருக்கும்? யார் யாரைப் பற்றி மாமா தப்பாக நினைத்திருப்பார்?

5. "நீயே எடு கண்ணு" என்று ஆயா ஏன் சொன்னாள்? ஆயாவே எடுத்துக் கொடுத்திருக்கலாமே?

6. மாமா மீதி 3 ரூபாயை விட்டுக்கொடுக்கவில்லை. அது சரியா? ஒருவர் சரி என்றும், இன்னொருவர் சரியில்லை என்றும் பேசிப் பாருங்கள்.

7. அடுத்த வாரம் மாமா கயலின் உருண்டையை மட்டும் பிரித்துப் பார்த்தார். அப்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? மூன்றாவது உருண்டையை அவளே ஏன் பிரித்தாள்?

8. கலர் பென்சிலுக்கு இன்னும் 3 ரூபாய் வேண்டும். அடுத்த வாரம் கால் கிலோவுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நடித்துப் பார்ப்போம்: ஒருவர் மாமா, ஒருவர் ஆயா, ஒருவர் பக்கத்து வீட்டு அக்கா, ஒருவர் கயல். மாமா தைப்பது போல் நடிக்க, மற்ற எல்லோரும் சேர்ந்து தையலை எண்ணுங்கள். கயலாக நடிப்பவர் எந்தத் தையலில் சொல்ல வேண்டும் என்று அவரே முடிவு செய்யட்டும்.